கண் இருந்த முட்டை

என் மகனுக்கும் என் மருமகனுக்கும் ஆகாது. ஒருவன் தும்மினால், சளி நன்றாகப் பிடிக்கட்டும் என்று மற்றவன் மழைக்கு வேண்டிக்கொள்வான். பெண் பார்க்க வந்த அன்று தேநீரில் சர்க்கரை குறைவு என்று மருமகன் சொல்ல, மகன் டப்பாவைக் கொண்டுவந்து அப்படியே அவர் கோப்பையில் கவிழ்த்தான். மருமகன் அதைக் கரண்டியால் தின்று முடித்தார். அந்த நொடியே இந்தச் சம்பந்தம் நிலைக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு பகையை இரண்டு பேரும் பாதியில் விட மாட்டார்கள்.

மகனுக்கு பேக்கரி. மருமகனுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. பேக்கரிக்கும் பண்ணைக்கும் இடையில் ஒரு நீளத் தெரு. அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தவை நானும் முட்டையும்தான். ஆளோடு ஆள் பேசாவிட்டாலும் முட்டையாவது போகட்டும் என்று என் மகள் விடியற்காலையில் ஒரு தட்டு முட்டையை அண்ணன் கடைக்கு அனுப்பிவிடுவாள். மீதி எல்லாம் மொத்த வியாபாரியின் லாரிக்கு.

அந்த முட்டையில்தான் வினை வந்தது.

என் மகன் கடையில் கேக் அடிக்கிற மேசைக்கும் வாடிக்கையாளர் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு. சுத்தமாக வேலை செய்வதை ஊர் பார்க்கட்டும் என்று அவனே வைத்தது. ஒருநாள் பேரனுக்குப் பிறந்தநாள் கேக் சொல்ல வந்த ஓர் அம்மாள் அந்தக் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றுகொண்டிருந்தாள். மகன் ஒரு முட்டையை உடைத்தான். தண்ணீராக ஓடியது. இன்னொன்றை உடைத்தான். அதுவும் அப்படியே. பண்ணைக்காரனைத் திட்டிக்கொண்டே மூன்றாவதை உடைத்தான். கிண்ணத்தில் மஞ்சளோடு வேறு ஒன்றும் விழுந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அம்மாள் கத்தவில்லை. மயங்கவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"தம்பி, அதுக்குக் கண் இருக்கு."

சொல்லிவிட்டுப் போனவள் தெரு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு போனாள். அவள் வீடு தெருவின் அந்தக் கோடியில் இருந்தது எங்கள் துரதிர்ஷ்டம். சாயங்காலத்துக்குள் அந்தக் கண், இமை முளைத்து, ஊரைப் பார்த்துச் சிமிட்டியது என்கிற அளவுக்குச் செய்தி வளர்ந்துவிட்டது. நானே இரண்டு இடத்தில் அப்படிக் கேட்டேன். ஓரிடத்தில் சொன்னவன் நான்தான் என்கிறார்கள். அது எனக்கு நினைவில்லை.

மகன் என்ன செய்தான்? கடை வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினான்: 'என் தங்கை வீட்டுப் பண்ணை முட்டை இங்கே இனி இல்லை.' அதோடு விட்டிருக்கலாம். வருகிறவர்களிடம் எல்லாம் விளக்கம் வேறு. குஞ்சு பொரிக்கிற நிலையங்களில் முட்டையைச் சூட்டில் வைத்துப் பாதியில் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களாம். தேறாததை ஒதுக்குவார்களாம். அப்படி ஒதுக்கினதைச் சல்லிசாக வாங்கி, தன் கோழி போட்டது என்று என் மருமகன் விற்கிறாராம். "அன்னைக்குக் காலைல வந்த தட்டு. அதுக்குள்ள எப்படிக் குஞ்சு வரும்? ஏற்கெனவே அடையில இருந்த முட்டைதானே?" என்று கேட்பான்.

மொத்த வியாபாரி பெரிய உடம்பும் சின்ன தைரியமும் உள்ளவர். அவர் கொடுத்த முட்டையைக் கடைகள் திருப்பி அனுப்பத் தொடங்கியதும், பண்ணைக்கு லாரி வராது என்று சொல்லிவிட்டார். அந்த வாரத்துக்குள் விஷயம் தெளிவானால் சரி, இல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

லாரி நிற்கும், கோழி நிற்காது. முட்டை போடாதே என்று எந்தக் கோழியிடமும் சொல்ல முடியாது. முட்டை அறை முதலில் நிரம்பியது. அப்புறம் தீவனக் கிடங்கு. அப்புறம் வீட்டுக் கூடம். நான் போனபோது உட்கார நாற்காலி காலி இல்லை. குளியலறைக் கதவைத் திறந்தால் அங்கே வாளிக்குள் முட்டை. மருமகன் தன் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அதிலும் முட்டை. நான் மூன்று நாள் அந்த வீட்டில் பக்கவாட்டிலேயே நடந்தேன். இன்னும் என் நடையில் அந்தச் சாய்வு இருக்கிறது.

சிரிக்கிற விஷயம் இல்லை. முட்டை விற்காவிட்டால் தீவனம் வராது. தீவனம் வராவிட்டால் அத்தனை கோழியையும் கறிக்கு ஏற்றிவிட்டுக் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். என் மகள் கைப்பட வளர்த்த பண்ணை. அவள் அழவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

மருமகன் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாமா, உங்க மகன் கிட்ட சொல்லுங்க. என் கொட்டகைல இருக்கறது எல்லாம் சன்னியாசினிங்க. சேவல் நிழல்கூடப் பட்டதில்லை. சேவல் இல்லாம கரு எப்படி? கரு இல்லாம கண் எப்படி? அவன் வேணும்னே எங்கேயோ வாங்கிட்டு வந்து உடைச்சிருக்கான்."

இதை அவர் சாதாரணக் குரலில்தான் சொன்னார். தீவனம் அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஆயுசு போனதால் அவருக்குக் காது மந்தம். அவருடைய சாதாரணக் குரலுக்கு எதிர்வீட்டில் விளக்குப் போடுவார்கள்.

முடிவில் மகள்தான் எல்லோரையும் முட்டை அறைக்கு வரவழைத்தாள். வியாபாரி வந்தார். கால்நடை மருத்துவர் அம்மா வந்தார். பண்ணைகளுக்கெல்லாம் அவர்தான் பார்ப்பவர், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் ஊசி போட்டுவிடுவாரோ என்று தோன்றும். கடைசியாக என் மகன், உடைத்தது போக மிச்சமிருந்த தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோவிலுக்குப் போகிறவன் மாதிரி வந்தான். அன்று உடைத்த அதே தட்டு, சாட்சிக்கென்று எடுத்து வைத்திருந்தானாம். செருப்பைக்கூட மருந்துத் தண்ணீரில் நனைக்காமல் உள்ளே வர, மருமகன் வாசலை மறித்தார்.

"மச்சான், கால நனை. கண்ட இடத்துல மிதிச்சுட்டு வருவ."

"உன் பண்ணைல இனிமே நோய் வந்து என்ன ஆகப்போகுது மாப்பிள்ளை?"

நல்ல ஆரம்பம். நான் இரண்டு முட்டை அடுக்குகளுக்கு நடுவே வசதியாக நின்றுகொண்டேன்.

மருத்துவர் ஒரு வெள்ளைத் தட்டை மேசையில் வைத்தார். லாரிக்கென்று அடுக்கி வைத்திருந்ததில் முந்தைய நாள் முட்டையாகப் பார்த்து, அங்கொன்று இங்கொன்றாக எடுத்துவரச் சொன்னார். உடைத்தார். மஞ்சள் கருவின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தது, ஊசியால் குத்திச் சுண்ணாம்பு வைத்த மாதிரி, ஓரம் ஒழுங்கில்லாமல். சேவல் சேராத முட்டையில் அப்படித்தான் இருக்கும் என்றார். சேவல் சேர்ந்திருந்தால் புள்ளி அகன்று, நடுவில் தெளிவும் சுற்றிலும் வளையமுமாக இருக்குமாம். வெறும் புள்ளி உள்ளதன் மேல் அம்மாக்கோழி உட்கார்ந்தாலும் சரி, ஆனையே உட்கார்ந்தாலும் சரி, குஞ்சு வராது. ஆனை என்பது பக்கத்திலிருந்து நான் சேர்த்துச் சொன்னது. எல்லாமே வெறும் புள்ளிதான். மருமகனுக்குத் தோள் இரண்டும் காது வரை ஏறின.

அப்போது வியாபாரி ஓரடி பின்னால் போய், தட்டைக் காட்டினார். ஒரு மஞ்சள் கருவில் கடுகளவு ரத்தம்.

"பாருங்க, ஆரம்பிச்சிடுச்சு."

மகன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். மருத்துவர் கத்தி முனையால் அந்த ரத்தத்தைச் சுரண்டி எடுத்து ஓரத்தில் வைத்தார். முட்டை உருவாகும்போது கோழியின் உடம்பில் ஏதோ ஒரு பொடி ரத்தக்குழாய் வெடித்துச் சிந்தின சொட்டு, அவ்வளவுதான். சேவலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சமைத்துச் சாப்பிடலாம் என்றார். வியாபாரி சாப்பிடுகிற முகமாக இல்லை.

பிறகு மகன் கொண்டுவந்த தட்டு. அதை உடைக்க ஆரம்பித்ததும் அறையில் யாரும் மூச்சு விடவில்லை. கொஞ்சம் நாற்றமும் காரணம். முதல் முட்டை: வெள்ளை தண்ணீராகி, மஞ்சள் தட்டையாகப் பரவி ஓடியது. குஞ்சு இல்லை. அடுத்ததும் அதற்கடுத்ததும் அப்படியே. அப்புறம் ஒன்றில் இருந்தது. கறுப்பாகப் பெரிய கண், மொட்டு மாதிரி கால், அலகுக்கு அடையாளமாக ஒரு முனை. செத்துத்தான் கிடந்தது. வியாபாரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தட்டு முடிகிற வரை உடைத்ததில் இன்னும் ஒன்று அந்த மாதிரி. மற்றதெல்லாம் வெறும் தண்ணீர்.

ஒரு வாரத்துக்கு மேல் அடைச்சூட்டில் இருந்திருக்கிறது, பத்து நாள் இருக்காது என்று மருத்துவர் கணக்குச் சொன்னார்.

"அதான்," என்றான் மகன். "காலைல இவன் வீட்ல இருந்து வந்த தட்டு. ஒரு வாரச் சூடு எங்க இருந்து வந்துச்சு? பொரிப்பகத்துல இருந்து. வேற எங்க? தங்கச்சி புருஷன்னு பார்த்தேன். விஷத்தை வித்திருக்கான்."

வியாபாரி பையை எடுத்துக்கொண்டார். லாரி இனி வராது என்பது அந்தப் பையைத் தூக்கிய விதத்திலேயே இருந்தது. மருமகன் மேசையைச் சுற்றி மகனை நோக்கி வந்தார். நடுவில் முட்டை அடுக்கு இல்லாவிட்டால் நான் இந்தக் கதையை வேறு மாதிரி, காவல் நிலையத்தில் சொல்லியிருப்பேன்.

என் மகள் முன்னால் வந்தாள். காலித் தட்டைக் கையில் எடுத்தாள். காகிதக்கூழால் செய்த, எல்லாக் கடையிலும் இருக்கிற அட்டைத் தட்டுதான். அதை மடக்கினாள். புதுத் தட்டாக இருந்தால் படக்கென்று ஒடிந்திருக்கும். இது ஊறின ரொட்டி மாதிரி வளைந்தது. மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"அண்ணா, இது எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? மேசை மேல."

"மேசை மேல இருந்தா ஏன் ஈஸ்ட் வாசனை அடிக்குது?"

மகன் தொண்டையைக் கனைத்தான்.

அவன் கடையில் பன் மாவு பொங்குவதற்கென்று ஓர் இரும்பு அலமாரி உண்டு. ஆளுயரம், உள்ளே சூடும் ஆவியும் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். காய்ச்சல் வந்த மனிதன் நெற்றி மாதிரி இருக்கும் உள்ளே. மருத்துவர் அந்தச் சூடு எவ்வளவு என்று கேட்டார். மகன் தரையைப் பார்த்துச் சொன்னான். பொரிப்பகத்திலும் ஏறக்குறைய அதே சூடுதான் வைப்பார்கள், ஈரமும் வேண்டும் என்றார் மருத்துவர்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, பல் பிடுங்குகிற மாதிரி. குளிர் காலையில் வந்த முட்டையை அப்படியே வெண்ணெயில் போட்டால் திரிந்துவிடும். அதனால் தட்டைச் சற்று நேரம் பன் அலமாரியின் அடித்தட்டில் வைத்து எடுப்பது அவன் வழக்கம். ஒருநாள் வைத்ததின் முன்னால் பன் தட்டுகளை அடுக்கிவிட்டான். இது பின்னால் போய்விட்டது. மறந்தே போனான். ஒரு வாரத்துக்கு மேல் கழித்து அலமாரியைக் கழுவும்போது கண்ணில் பட்டதை, அன்று காலை வந்த தட்டு என்று நினைத்து மேசைக்குக் கொண்டுவந்தான். நினைத்தானா, அப்படி நினைக்க விரும்பினானா என்று நான் கேட்கவில்லை. தகப்பன் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது.

மருமகன் மேசையில் ஓங்கி அடித்தார். மூன்று முட்டை உருண்டு விழுந்தன. யாரும் குனியவில்லை.

"ஆக, அடைகாத்தது நீ."

"சூடு வச்சா மட்டும் குஞ்சு வந்துடுமா? டாக்டரம்மா இப்பதானே சொன்னாங்க, ஆனை உட்கார்ந்தாலும் வராதுன்னு." அவன் நான் சேர்த்த ஆனையைப் பிடித்துக்கொண்டான். "அதே தட்டுல மத்ததெல்லாம் வெறும் தண்ணி. இதுல மட்டும் கண். சேவல் எங்க மாப்பிள்ளை?"

இதற்கு மருத்துவரும் தலையாட்டினார். ஒரே தட்டு, ஒரே சூடு, ஒரே நாள். கரு இல்லாதது கெட்டது. கரு இருந்தது வளர்ந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும். எங்கோ ஒரு சேவல் இருக்கிறது.

"என் கொட்டகைல சேவல் கிடையாது," என்றார் மருமகன், தெருவுக்கே.

என் மகள் விழுந்த முட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"கதவோரம் ஒண்ணு இருக்கு."

மருமகனுக்குக் காது மந்தம்தான். இது கேட்டது.

எல்லோரும் போனோம். கொட்டகைக் கதவை ஒட்டின முதல் வரிசையில் நான்கு பெட்டைகளோடு ஒரு கூண்டில் நின்றுகொண்டிருந்தது. கழுத்துச் சிறகு தொங்க, கொண்டை ஒரு பக்கம் சாய, மீசைக்காரன் மாதிரி. எங்களைப் பார்த்து ஒருமுறை கூவிக் காட்டியது. முட்டை பொறுக்குகிற பெண்கள் ரொம்ப நாளாக அதைச் 'சின்ன முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்களாம். பொரிந்து ஒரே நாளான குஞ்சாகப் பண்ணைக்கு வரும்போதே ஆண் பெண் பிரிப்பார்கள். நூற்றுக்கு ஒன்று கை தவறி வந்துவிடும் என்றார் மருத்துவர். தினமும் கூவியிருக்கிறது. அரவை இயந்திரத்தை விட்டு நகராத மருமகன் கண்ணில் படவில்லை, இயந்திரம் தின்ற காதுக்கும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

"ஏன்டி எனக்குச் சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க."

"நான் எங்க கத்தறேன்?" என்று கத்தினார். அடுத்த வரிசைக் கோழிகள் எல்லாம் எழுந்து நின்றன.

அந்தக் கூண்டின் முன் உருண்டு கிடந்த முட்டைகளை மருத்துவர் எடுத்து உடைத்துக் காட்டினார். இரண்டில் வளையம் இருந்தது, தண்ணீரில் கல் போட்ட மாதிரி, ரொம்பச் சின்னதாக. இதைத் தின்றால் ஒன்றும் ஆகாது, ருசிகூட மாறாது, சூடு படாத வரை இது வெறும் முட்டைதான் என்றார். "உங்க கேக்ல இத்தனை நாளும் இதுவும்தான் போயிருக்கு," என்று மகனைப் பார்த்துச் சொன்னார். போன மாதம் அவன் கடையில் கேக் தின்றிருந்த வியாபாரி மெல்ல வயிற்றைத் தடவிக்கொண்டார்.

வியாபாரிக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. இந்த வரிசை முட்டை லாரிக்கு வந்ததா? மகள் இல்லை என்றாள். லாரிக்குப் போவதெல்லாம் உள் வரிசைகள். கதவோர வரிசை கைக்கு எட்டுகிறது என்று விடியலில் அதிலிருந்து எடுத்து அனுப்புவது ஒரே இடத்துக்கு. அவள் அண்ணன் கடைக்கு.

இதைக் கேட்டதும் என் மகன் முகம் மலர்ந்தது. தோற்றவனுக்குக் கடைசியில் எறிய ஒரு கல் கிடைத்த சந்தோஷம்.

"பார்த்தீங்களா அப்பா? ஊருக்கெல்லாம் நல்ல முட்டை. எனக்கு மட்டும் பொறுக்கி எடுத்துச் சேவல் முட்டை. வேணும்னே பண்ணியிருக்கான்."

மருமகன் அவனை நெருங்கினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவர் வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"மச்சான், அந்தக் குஞ்சுக்கு அப்பன் என் சேவல்னு ஒத்துக்கறேன். அம்மா நீதான்."

கூண்டுக்குப் பின்னால் நின்ற முட்டை பொறுக்குகிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த வார்த்தை என் மகனுக்கு முன்னால் தெருவின் அடுத்த கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதும் அவன் கடை முன் சில பேர் சைக்கிளை நிறுத்தாமல் கொக்கரித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் நான் இல்லை. எனக்கு சைக்கிள் கிடையாது.

வியாபாரி அன்று மதியமே லாரியை அனுப்பினார். ஒரு நிபந்தனை, பலகை இறங்க வேண்டும். அதை இறக்கினது மகன் இல்லை, மகள். ஏணியும் அவளே கொண்டுபோனாள். அண்ணன் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. சேவலைத் தனியாகக் கட்டினார்கள். கட்டின பிறகும் அந்த நான்கு பெட்டைகளின் முட்டையில் இரண்டு மூன்று வாரம் வரை கரு இருக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், அவற்றை வீட்டிலேயே தின்று தீர்த்தார்கள். மருமகன் ஒவ்வொன்றையும் உடைத்ததும் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாணலியில் விடுவார். சாப்பாட்டு நேரம் அந்த வீட்டில் இரண்டு மடங்கானது.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் என் மகனுக்கு ஒரு கல்யாணக் கேக் கொடுக்க வேண்டியிருந்தது, மூன்று அடுக்கு. முட்டை இல்லை. அவன் செய்த பிரசாரத்தில் சுற்றுவட்டாரக் கடைகள் எல்லாம் முட்டை வாங்குவதையே நிறுத்தியிருந்தன. லாரி அப்போதுதான் கிளம்பியிருந்தது. அது ஊரைச் சுற்றித் திரும்ப நாளாகும். முட்டை இருந்த ஒரே இடம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் போனான். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க இல்லை, சாட்சிக்கு.

மருமகன் முட்டை அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகன் கேட்டான். அவனுக்கு மருமகன் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பிடிக்காததால் பக்கத்துத் தூணைப் பார்த்துக் கேட்டான். மருமகன் இல்லையென்று சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். உள் வரிசைத் தட்டுகளாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்து, வாளி விளிம்பில் தட்டி, உடைத்து உள்ளே விட்டார். அவசரமே இல்லை. ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைத்தார்.

"என்ன பண்றே?" என்றான் மகன்.

"உடைச்சே கொண்டு போ. முழுசா குடுத்தா உனக்கு உட்காரத் தோணும்."

மகனுக்குக் காது மடல் சிவந்தது. திரும்பிப் போய்விடுவான் என்று பார்த்தேன். மூன்று அடுக்குக் கேக் அவனை விடவில்லை. வாளி நிரம்புகிற வரை நின்றான். என் மகள் உள்ளே இருந்து வந்து, வாளியின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போனாள். தூசு விழக்கூடாது என்றுதான். அவனுக்காக இல்லை.

அந்த நீளத் தெருவில் என் மகன் வாளியைத் தூக்கிக்கொண்டு, தளும்பாமல் இருக்க ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து நடந்தான். வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வாளியை நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"பேசாம வாங்கப்பா," என்றான்.